ஓவர்டைம் கணக்கில் தகராறு வராதிருக்க

மேற்பார்வையாளர் அனுப்பும் மின்னஞ்சலில் ஒரு கணக்கு, தொழிலாளி கையெழுத்திட்ட தாளில் வேறொரு கணக்கு. சம்பளப் பட்டியலில் எதை ஏற்றுவது? எங்கள் கிட்டங்கியில் கடைப்பிடிக்கும் முறையைக் கூறுகிறோம்.

ஆள் பெயர், வேலைத் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் இவற்றை இரண்டிலிருந்தும் அருகருகே எழுதிக்கொள்கிறோம். மின்னஞ்சல் வந்த தேதியை வேலைத் தேதியாகக் கொள்ளக் கூடாது. ஒருமுறை 14ஆம் தேதி இரவு 10 மணிக்குத் தொடங்கிய லாரி இறக்கம் 1 மணிக்கு முடிந்தது. தாளில் 14 என்றும், மறுநாள் வந்த மின்னஞ்சலில் 15 என்றும் இருந்ததால், கணக்குப்பிள்ளை 3 மணியை 6 மணியாக்கிவிட்டார். தொடங்கிய நேரத்தை ஒப்பிட்டபோதே இரண்டும் ஒரே வேலை என்று தெரிந்தது.

இன்னொருவருக்கு மாலை 6 மணியிலிருந்து தாளில் 3 மணி நேரம், மின்னஞ்சலில் 2. நடுவே இரண்டரை என்று போடுவது தவறு. இருவரும் ஒப்பிய 2 மணிக்குச் சம்பளம் கொடுத்தோம். மீதி 1 மணியை, இரு கணக்கையும் காட்டி, தகராறுப் பட்டியலில் எழுதினோம். மேற்பார்வையாளர் 8 மணிக்கே வீடு திரும்பியிருந்தார். தொழிலாளி 9 மணிக்கு வெளியேறியதாக வாட்ச்மேன் பதிவேடு காட்டியது. மணிக்கூலி 60 ரூபாய். ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 120 ரூபாயை அடுத்த சம்பளத்தில் சேர்த்து, பட்டியலில் அவ்வரியை அடித்தோம்.