கடைமடை வரை வெளிச்சம்: எல்இடி ஸ்ட்ரிப் விளக்குகளை இணைக்கும் முறை

ஃபால்ஸ் சீலிங்கின் விளிம்புக்குள் ஒளிந்திருந்து சுவரையும் கூரையையும் வெளிச்சமாக்கும் எல்இடி ஸ்ட்ரிப், வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் நேரடியாக எரிவதில்லை. பெரும்பாலும் அது 12 அல்லது 24 வோல்ட் டிசி மின்சாரத்தில் எரிகிறது. 230 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கித் தரும் பெட்டியைக் கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்றும் டிரைவர் என்றும் சொல்கிறார்கள். ஸ்ட்ரிப்பை ஒட்டுவது எளிது. ஒட்டிய பிறகு ஒரு முனை பளிச்சென்றும் மறுமுனை மங்கலாகவும் எரிவதுதான் பலருக்கும் வரும் தொல்லை. அப்போது ஸ்ட்ரிப்பைக் குறை சொல்லி மாற்றுவார்கள். புதியதும் அப்படியே எரியும். கோளாறு பெரும்பாலும் ஸ்ட்ரிப்பில் இருக்காது, மின்சாரம் அதற்குப் போய்ச் சேரும் வழியில் இருக்கும்.

காரணம் புரிய, 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க வேண்டும். அதன் நெடுக ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும்: மூன்று எல்இடி, அவற்றோடு கறுப்பாக ஒரு சிறிய ரெசிஸ்டர், பிறகு கத்தரிக்கோல் குறி போட்ட வெட்டுக்கோடு. ஒவ்வொரு வெள்ளை எல்இடியும் ஏறக்குறைய 3 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 9 வோல்ட். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டருக்குப் போகிறது. எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ரெசிஸ்டர்தான். இனி, ஸ்ட்ரிப்பின் கடைசியில் 12க்குப் பதில் 11 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்இடிகள் தங்கள் 9 வோல்ட்டை அநேகமாகக் குறைத்துக்கொள்ளாது. குறைவு முழுவதும் ரெசிஸ்டர் தலையில் விழுகிறது. 3 இருந்த இடத்தில் 2 வோல்ட்தான் மிஞ்சுகிறது. வோல்ட்டேஜ் குறைந்தது 8 சதவீதம்தான். ஆனால் மின்னோட்டமும் அதோடு வெளிச்சமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடுகின்றன. ஒரு வோல்ட்தானே என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

அந்த ஒரு வோல்ட் எங்கே போகிறது? ஸ்ட்ரிப்பின் அடியில் நெடுக ஓடும் மெல்லிய செப்புப் பட்டைகளிலும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒயரிலும் போகிறது. செம்பு நல்ல கடத்திதான், ஆனாலும் அதற்கும் மின்தடை உண்டு. வாய்க்காலின் தலைமடையில் இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் நிறையக் கிடைத்து, கடைமடைக்கு வரும்போது வற்றிப்போவதைப் போன்றது இது. நீளம் கூடக் கூட இழப்பு கூடும். பாயும் ஆம்பியர் கூடினாலும் கூடும். ஆகவே, நீளத்தையும் ஆம்பியரையும் குறைப்பதும், செம்பின் தடிமனைக் கூட்டுவதும் மட்டுமே இதற்கு மருந்து.

15 அடிக்கு 10 அடி அளவுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். நாலு பக்கமும் சுற்றினால் 50 அடி, அதாவது ஏறக்குறைய 15 மீட்டர். ஐந்து மீட்டர் ரீல் மூன்று தேவை. ஸ்ட்ரிப்பின் மேலுறையில் மீட்டருக்கு 9.6 வாட் என்று போட்டிருக்கிறது. மொத்தம் 144 வாட். எஸ்எம்பிஎஸ் வைக்க வசதியான இடம் அறையின் ஒரு மூலையிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கும் அலமாரி.

இதை 12 வோல்ட்டில் எரிக்க 12 ஆம்பியர் வேண்டும். அலமாரியிலிருந்து மூலை வரை 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், கடைக்காரர் வழக்கில் ஒன்றரை ஸ்கொயர் ஒயர், இழுத்தால் போக 6, திரும்பி வர 6 என்று மின்சாரம் 12 மீட்டர் பயணம் செய்கிறது. திரும்பும் வழியைக் கணக்கில் சேர்க்க மறப்பது மிகவும் சகஜம். அந்த ஒயரில் மீட்டருக்கு 0.013 ஓம் மின்தடை. 12 மீட்டருக்கு 0.16 ஓம். அதை 12 ஆம்பியரால் பெருக்கினால் 1.9 வோல்ட். முதல் எல்இடியைத் தொடும் முன்பே 1.9 வோல்ட் ஒயரில் கரைந்துபோகும் என்கிறது கணக்கு. உண்மையில் வோல்ட்டேஜ் குறைந்ததும் ஸ்ட்ரிப் எடுக்கும் மின்னோட்டமும் குறைவதால் இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக நிற்கும். ஆனால் வெளிச்சம் போனது போனதுதான்.

அதே ஸ்ட்ரிப்பை 24 வோல்ட் வகையில் வாங்கினால் 6 ஆம்பியர் போதும். அதே ஒயரில் இழப்பு 0.96 வோல்ட். அதுவும் 24இல் 0.96, வெறும் 4 சதவீதம். முன்பு 16 சதவீதம். வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினால் விகிதக் கணக்கில் இழப்பு நாலில் ஒரு பங்காகிறது. ஒயரை 2.5 சதுர மில்லிமீட்டராக ஏற்றினால் 0.6 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். பொதுவாக 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரு முனையிலிருந்து 5 மீட்டருக்கு மேலும், 24 வோல்ட் ஸ்ட்ரிப்பை 10 மீட்டருக்கு மேலும் ஓட்டக்கூடாது என்பார்கள். சமையல் மேடைக்கும் டிவி பின்பக்கத்துக்கும் 12 வோல்ட் தாராளமாகப் போதும். அறையைச் சுற்றி ஓட்டுவதென்றால் 24 வோல்ட்டைத் தவிர வேறொன்றை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். அதன் வோல்ட்டேஜ் ஸ்ட்ரிப்பின் வோல்ட்டேஜோடு அச்சாகப் பொருந்த வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 24 கொடுத்தால் அது கருகிவிடும். ஆம்பியரில் அந்தப் பயம் தேவையில்லை. அதிக ஆம்பியர் தரும் பெட்டியை மாட்டினால் ஸ்ட்ரிப் எரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ட்ரிப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். சரியாக 144 வாட் பெட்டியை வாங்குவதுதான் தவறு. மூடிய சீலிங்கின் வெப்பத்தில் முழுச் சுமையோடு மணிக்கணக்கில் ஓடும் பெட்டி சீக்கிரம் செத்துப்போகும். அதன் திறனில் 80 சதவீதத்துக்குள் சுமை இருக்கட்டும். 144ஐ 0.8ஆல் வகுத்தால் 180. கடையில் கிடைக்கும் 200 வாட் பெட்டி இதற்குச் சரி. பேனல் லைட்டோடு வரும் டிரைவரை இதற்குப் பயன்படுத்த முடியாது. அது மின்னோட்டத்தை நிலையாக வைத்து வோல்ட்டேஜை மாற்றும் வகை. மேலே 300 மில்லிஆம்பியர் என்பதுபோல எழுதியிருக்கும். ஸ்ட்ரிப்புக்கு வோல்ட்டேஜ் நிலையாக இருக்கும் பெட்டிதான் வேண்டும்.

இனி மின்சாரத்தை எங்கே கொடுப்பது என்பது. மூன்று ரீலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சால்டர் செய்து, ஒரு முனையில் மட்டும் இணைப்புக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. 15 மீட்டருக்கான மின்னோட்டம் முழுவதும் முதல் ரீலின் மெல்லிய செப்புப் பட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தால் கண்ணுக்கு உறைக்காது. ஆனால் அறையைச் சுற்றி வந்த கடைசி முனை, தொடங்கிய மூலையிலேயே வந்து நிற்கும். பளிச்சும் மங்கலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

தீர்வும் அந்த மூலையிலேயே இருக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் சந்திப்பதால், அலமாரியிலிருந்து வந்த ஒயரிலிருந்தே இரண்டு முனைகளுக்கும் இணைப்புக் கொடுக்கலாம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். சில அங்குல ஒயர்தான் கூடுதல் செலவு. இப்போது ஒவ்வொரு முனையும் பாதித் தூரத்துக்கு, பாதி மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கிறது. தூரம் பாதி, ஆம்பியர் பாதி என்பதால் ஸ்ட்ரிப்புக்குள் ஏற்படும் இழப்பு நாலில் ஒன்றாகிறது. எதிர் மூலைக்கும் ஸ்ட்ரிப்புக்கு இணையாக ஓர் ஒயரை ஓட்டி அங்கேயும் ஒரு இணைப்புக் கொடுத்துவிட்டால் மங்கல் என்ற பேச்சே இருக்காது. பெட்டி இரண்டாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும்: இரண்டின் பிளஸ்ஸும் ஒரே ஸ்ட்ரிப்பில் சந்திக்கக் கூடாது. நடுவில் ஸ்ட்ரிப்பை வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி என்று பிரித்துவிட வேண்டும்.

சால்டர் செய்வதுதான் நல்லது. அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடாகும். தொட்டால் சுடும் இணைப்பு, வோல்ட்டேஜைத் தின்னும் இணைப்பு. குறைந்த வோல்ட்டேஜ்தானே என்று மெல்லிய மணி ஒயரில் 6 ஆம்பியரை ஓட்டவும் கூடாது. 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்றாலும், ஒயர் சூடாகித் தீப்பிடிக்க வோல்ட்டேஜ் அதிகமாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியின் வெளியீட்டில் ஒரு ஃபியூஸ் போடுவது நல்ல பழக்கம். 230 வோல்ட் பக்கத்து இணைப்பையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியன் கையில் விட்டுவிட வேண்டும். பெட்டியைக் காற்றுப் போகும் இடத்தில், பிறகு கை எட்டும்படி வைக்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். அதை டிசி வோல்ட்டில் வைத்து, விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும்போது அளக்க வேண்டும். ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டமே இல்லாததால் இழப்பும் இருக்காது. மீட்டர் சுத்தமாக 24 காட்டி ஏமாற்றும். முதலில் பெட்டியின் முனையில், அடுத்து ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில், பிறகு மிக மங்கலான இடத்தில் அளக்கலாம். பெட்டியிலேயே குறைந்தால் பெட்டியின் திறன் போதவில்லை. பெட்டிக்கும் ஸ்ட்ரிப்பின் தொடக்கத்துக்கும் இடையே குறைந்தால் ஒயர் மெல்லியது, அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு குறைந்தால் இன்னொரு இடத்தில் மின்சாரம் கொடுக்க வேண்டும். நிறம் மாறும் ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பில் மீட்டர் இல்லாமலே ஓரளவு சொல்லிவிடலாம்: வெள்ளையில் வைத்தால் கடைசி முனை சிவப்பேறித் தெரியும். நீல, பச்சை எல்இடிகளைவிடச் சிவப்புக்குக் குறைந்த வோல்ட்டேஜ் போதும் என்பதால் அது கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது.

பல பெட்டிகளில் வோல்ட்டேஜைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ ஒரு சிறிய திருகு இருக்கும். கடைசி முனை பளிச்சென்று ஆகும்வரை அதைத் திருப்புவது ஆபத்து. அப்போது முதல் மீட்டரில் உள்ள எல்இடிகள் தாங்கும் அளவுக்கு மேல் சூடாகி வாழ்நாளை இழக்கும். ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில் மீட்டர் 24 காட்டும் அளவுக்கு, ஒயரில் போன இழப்பை மட்டும் ஈடுகட்ட அதைப் பயன்படுத்தலாம்.

பெயின்டர் வருவதற்கு முன்னால், விளக்கை ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் மீட்டரால் அளந்து, பெட்டியின் சூட்டையும் பார்த்துவிடுங்கள். சீலிங் திறந்திருக்கும்போது இன்னொரு ஒயர் இழுப்பது அரை மணி நேர வேலை.