‘மற்றவை நேரில்’ என்று எழுதாதீர்கள்

“டூலெட்! அமைதியான சூழலில் காற்றோட்டமான அழகிய வீடு. வாஸ்துப்படி கட்டியது. பஸ் ஸ்டாப், பள்ளி, கோயில் அருகில். மற்றவை நேரில்.”

சென்னை மடிப்பாக்கத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு இப்படி விளம்பரம் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கூடவே எட்டு படங்கள். வாடகை எவ்வளவு என்பது எட்டாவது படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. வீடு தேடுபவர் கைபேசியில் விளம்பரங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போகிறார். முதல் இரண்டு, மூன்று வரிகள்தான் அவர் கண்ணில் படும். அந்த இடத்தை ‘அழகிய’ அடைத்துக்கொண்டால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க உதவும் விவரங்கள் முதலில் வரட்டும்:

“மடிப்பாக்கம். 2 படுக்கையறை வீடு. வாடகை ரூ.18,000, அட்வான்ஸ் ரூ.54,000. ஜூன் 1 முதல் காலி. இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.”

அடுத்த பத்தியில் மாதச் செலவும் வசதிகளும்: “பராமரிப்பு ரூ.1,500 தனி. மின்சாரத்துக்குத் தனி மீட்டர். போர் தண்ணீர், குடிநீருக்குக் கேன் வாங்க வேண்டும். இரண்டு பைக் நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை. பஸ் ஸ்டாப் 400 மீட்டர்.”

லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த முடியாது என்பதையெல்லாம் மறைக்கத் தோன்றும். மறைத்தால் முழங்கால் வலியுள்ள பெரியவரும் கார் வைத்திருப்பவரும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இரு தரப்புக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

இனி படங்கள். பார்வையற்றவர்கள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் வழியாக விளம்பரத்தைக் கேட்கிறார்கள். விளக்கம் இல்லாத படத்தை அது பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். பார்வை உள்ளவருக்கும் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அகலக் கோணத்தில் எடுத்தால் சிறிய அறையும் மண்டபம்போலத் தெரியும். ஜன்னல் எந்தத் திசை என்பதும் தெரியாது.

‘ஹால் படம்’ என்று எழுதினால் பயனில்லை. எங்கிருந்து எடுத்தது, எதிரே என்ன, அளவு என்ன என்று ஓரிரு வாக்கியம் போதும்: “ஹால், 10க்கு 14 அடி. வாசலில் நின்று எடுத்தது. எதிரே கிழக்கு ஜன்னல், இடப்பக்கம் சமையலறை வாசல்.” “சமையலறை: எல் வடிவ கிரானைட் மேடை, ஜன்னலுக்குக் கீழே சிங்க், மேலே ஒரு லாஃப்ட்.” படத்துக்குள் வாடகையை எழுதியிருந்தால் அதை எழுத்திலும் கொடுங்கள்.

வெளியிடும் முன் படங்களைக் காட்டாமல் விளம்பரத்தை ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “வாடகை எவ்வளவு? எத்தனையாவது மாடி? தண்ணீர் எப்படி?” என்று அவர் கேட்டால், அந்தப் பதில்களை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு வெளியிடுங்கள்.