சிறுநீரில் நாற்றம்: தண்ணீர்க் குறைவா, தொற்றா?

சித்திரை வெயிலில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி கழிப்பறைக்குப் போக முடியாதென்று அவர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார். மாலையில் சிறுநீர் அடர் மஞ்சளாக, நெடியோடு போகிறது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லை என்றால், இது பெரும்பாலும் நீர்ச்சத்துக் குறைவுதான். நீர் குறையும்போது கழிவுகள் செறிந்து நெடி தூக்கலாகிறது. இரண்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தால், சில மணி நேரத்தில் நிறம் வெளுத்து நெடியும் அடங்கும்.

பூண்டு, காபி, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஆகியவையும் வாசனையை மாற்றலாம். ஓரிரு நாளில் அது தானாகச் சரியாகிவிடும்.

தண்ணீர் குடித்தும் சிறுநீர் கலங்கலாகவே இருந்து, போகும்போது எரிந்து, போய்விட்டு வந்ததும் மறுபடி முட்டினால் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கிருமிகளும் அவற்றை எதிர்க்க வரும் வெள்ளணுக்களும் சேர்ந்தே அப்படிக் கலங்கச் செய்கின்றன. பரிசோதனைக்கு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப்படுதல் கலந்து முடிவைக் குழப்பும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைக் கல்ச்சர் பரிசோதனை காட்டும். அதற்கு முன்பே வீட்டில் கிடக்கும் பழைய ஆன்டிபயாடிக்கை விழுங்கினால், கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம்.

நாற்றம் மட்டும் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆனால் குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும், எரிச்சல் உள்ளவர் கர்ப்பிணியாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.