மகளின் ராக் இசைக்குழு: ஒரு தாயின் கவலைகளும் மருத்துவரின் பதில்களும்

பதினாறு வயது மகளைக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்து வந்த தாயார் ஒருவர், தம் ஐயங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்து வந்திருந்தார். மகள் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறார். பள்ளித் தோழர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறார். சனி, ஞாயிறு இரு நாள்களும் வீட்டு மாடியில் உள்ள சிறிய அறையொன்றில் பயிற்சி நடைபெறுகிறது. இதே ஐயங்கள் வேறு பல பெற்றோருக்கும் இருக்கக்கூடும் என்பதால், அவ்விருவரின் ஒப்புதலுடன், பெயர் குறிப்பிடாமல், கேள்விகளையும் பதில்களையும் இங்கே தருகிறோம்.

கேள்வி: ராக் இசை என்றாலே காதுக்குக் கேடு என்கிறார்கள். அந்த இசையையே நிறுத்திவிடச் சொல்ல வேண்டுமா?

பதில்: காதுக்கு இசையின் வகை தெரியாது. உள்ளே வந்து சேரும் ஒலி எவ்வளவு வலிமையானது, எவ்வளவு நேரம் நீடித்தது என்ற இரண்டு மட்டுமே அதற்குக் கணக்கு. அருகில் நின்று நெடுநேரம் கேட்டால் நாகசுரமும் தவிலும்கூட அதே பாதிப்பைத் தரும்.

காதின் உட்பகுதியில் காக்லியா எனப்படும் நத்தை வடிவச் சுருள் ஒன்று உள்ளது. அதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்து, ஒலி அதிர்வுகளை நரம்புச் சைகைகளாக மாற்றுகின்றன. மிகுந்த ஒலி இச்செல்களைக் களைப்படையச் செய்கிறது. போதிய ஓய்வு கிடைத்தால் அவற்றுள் பெரும்பாலானவை மீள்கின்றன. களைப்பு மீண்டும் மீண்டும் நேர்ந்தால் அவை மடிகின்றன. மனிதரில் மடிந்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே, இசையை நிறுத்துவதற்கு அவசியமில்லை. காதுக்குள் செல்லும் ஒலியின் அளவைக் குறைப்பதே தேவை.

கேள்வி: பயிற்சி முடிந்து வந்ததும், “காதுக்குள் ‘ஙொய்’ என்று சத்தம் கேட்கிறது” என்கிறாள். மறுநாள் காலையில் சரியாகிவிட்டது என்கிறாள். சரியானபின் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டிய அறிகுறியே அதுதான். பயிற்சிக்குப் பின் எழும் இரைச்சலும், பஞ்சு அடைத்தாற்போன்ற மந்தமும், அன்றைய ஒலி காதின் தாங்குதிறனை மிஞ்சிவிட்டது என்பதைத் தெரிவிக்கின்றன. பெரும்பாலும் ஓரிரு நாள்களுக்குள் அவை நீங்கிவிடுகின்றன. நீங்கிவிடுவதாலேயே இளையோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

உங்கள் மகளின் பரிசோதனை இதனைத் தெளிவாகக் காட்டியது. முதல் பரிசோதனை ஒரு திங்கட்கிழமை காலையில் செய்யப்பட்டது. அதற்கு முந்தைய மாலைதான் பயிற்சி நடந்திருந்தது. அன்றைய ஆடியோகிராமில் மற்ற சுருதிகள் எல்லாம் இயல்பாக இருந்தன. இடது காதில் 4000 ஹெர்ட்ஸ் சுருதியில் மட்டும் கேட்கும் நிலை 30 டெசிபலுக்கு இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் மீண்டும் ஏறியிருந்தது. இவ்விடத்தில் தோன்றும் பள்ளம் மிகை ஒலியால் நேரும் பாதிப்பின் அடையாளம். வயது முதிர்வால் வரும் குறைபாட்டில் கோடு 8000 ஹெர்ட்ஸை நோக்கித் தொடர்ந்து சரியுமே தவிர, இப்படி மீண்டும் ஏறாது.

இரு வாரங்கள் கிடாரைத் தொடாமல் இருந்தபின் மறுமுறை பரிசோதித்தோம். அதே சுருதியில் 10 டெசிபல் ஒலியே அவருக்குக் கேட்டது. பள்ளம் மறைந்துவிட்டது. எனவே நேர்ந்தது தற்காலிக இறக்கம் என்று உறுதியானது. ஒருவேளை மறையாமல் நின்றிருந்தால், அதனை நிரந்தர இழப்பு என்றே கொள்ள வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்த மறுநாளே பரிசோதனைக்கு வந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. அதனால்தான் ஓய்வுக்குப்பின் மீண்டும் வரச் சொல்கிறோம்.

கேள்வி: இடது காதில் மட்டும் பள்ளம் விழுந்தது ஏன்?

பதில்: அவர் நிற்கும் இடத்தைக் கேட்டறிந்தபோது காரணம் புலப்பட்டது. டிரம்ஸ் வாசிப்பவரின் சிம்பல் தட்டுகள், இவருடைய இடது காதுக்கு ஏறத்தாழ இரண்டடித் தொலைவில் இருந்தன. சிம்பலின் கூர்மையான ஓசை, காது எளிதில் பாதிப்படையும் உயர்சுருதிகளைச் சேர்ந்தது. வலது காதுக்குத் தலையே ஓரளவு மறைப்பாக அமைந்துவிட்டது.

கேள்வி: எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் வரை பாதுகாப்பானது?

பதில்: உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், சிறாருக்கு வாரத்திற்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்ற எல்லை கூறப்பட்டுள்ளது. அது கைபேசி போன்ற கேட்புக் கருவிகளுக்காக வகுக்கப்பட்டது. ஆயினும் ஒலி எங்கிருந்து வந்தாலும் காதுக்கு ஒன்றே என்பதால், வீட்டுக் கணக்குக்கு அதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

டெசிபல் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகிறது. அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 10 டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே 85 டெசிபலில் வாரத்திற்கு 4 மணி நேரம். 95 டெசிபலில் 24 நிமிடம். 100 டெசிபலில் 8 நிமிடத்திற்கும் குறைவு. ஆனால் 3 டெசிபல் வேறுபாட்டை நம் காது அரிதாகவே உணர்கிறது. ஆபத்து இரு மடங்கானாலும் சத்தம் சற்றே கூடியதாகத்தான் தோன்றும். எனவே “எனக்கு அவ்வளவு சத்தமாகத் தெரியவில்லை” என்னும் பேச்சை அளவாகக் கொள்ளலாகாது.

கைபேசியில் ஒலியளவைக் காட்டும் செயலிகள் உள்ளன. ஐபோன் வைத்திருப்போர் NIOSH Sound Level Meter என்னும் இலவசச் செயலியைப் பயன்படுத்தலாம். மகள் நிற்கும் இடத்தில், காது உயரத்தில் பிடித்து, ஒரு பாடல் முழுவதற்குமான சராசரியைப் பார்க்க வேண்டும். இந்தக் குழுவில் அது 100 டெசிபலாக இருந்தது. இரு நாள்களிலும் சேர்த்து உண்மையில் வாசிக்கும் நேரம் 4 மணி. அனுமதியோ 8 நிமிடம்கூட இல்லை.

கேள்வி: ஒலியைக் குறைக்கச் சொன்னால், “டிரம்ஸ் சத்தத்தில் என் கிடார் எனக்கே கேட்காது” என்கிறாள். என்ன செய்வது?

பதில்: அவர் கூறுவது உண்மை. டிரம்ஸுக்கு ஒலியைக் குறைக்கும் திருகு இல்லை. ஆகவே மற்றவர்கள் தத்தம் ஆம்ப்ளிஃபயரை அதற்கு ஈடாக ஏற்றுகிறார்கள். ஒருவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்றுகிறார். இச்சுழற்சியை டிரம்ஸிலிருந்துதான் அவிழ்க்க வேண்டும். தடித்த குச்சிகளுக்குப் பதிலாக, மெல்லிய குச்சிகளைக் கற்றையாகக் கட்டிய வகையைப் பயன்படுத்தினால் ஓசை தணியும். சிம்பல்களின் மீது ஒட்டும் ரப்பர் தணிப்பான்களும் கிடைக்கின்றன.

அடுத்து, கிடாரின் ஆம்ப்ளிஃபயர் தரையில் இருந்தது. அதன் கூர்மையான ஓசை வாசிப்பவரின் முழங்காலை நோக்கிச் சென்றதே அன்றிக் காதை நோக்கிச் செல்லவில்லை. அதனை நாற்காலியின்மீது ஏற்றி, சற்றுச் சாய்த்து, முகத்தை நோக்கித் திருப்பினால், குறைந்த ஒலியிலேயே அவருக்குத் தம் வாசிப்புத் தெளிவாகக் கேட்கும். மூன்றாவதாக, சிமெண்டுச் சுவரும் ஓடு பதித்த தரையும் ஒலியைத் திரும்ப எறிகின்றன. தரையில் தடித்த சமுக்காளமும், சுவரோரம் பஞ்சு மெத்தைகளும் வைத்தால் எதிரொலி குறையும். நான்காவதாக, சிம்பலுக்கு அருகில் நிற்பதைத் தவிர்த்து எதிர்மூலைக்கு நகர வேண்டும். இவை நான்கும் செய்தபின் அதே இடத்தில் எடுத்த அளவு 95 டெசிபலாகக் குறைந்திருந்தது.

கேள்வி: காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. பஞ்சு தடுக்கும் ஒலி மிகச் சொற்பம். பாதுகாப்பு உண்டு என்ற பொய்யான நம்பிக்கையை மட்டுமே அது தரும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரை இயர் பிளக் நன்கு தடுக்கும். ஆனால் அது உயர்சுருதிகளை அதிகமாக அடைத்துவிடுவதால் இசை மங்கலாகக் கேட்கிறது. அதனாலேயே பல இளையோர் இரண்டாம் நாளே அதனைக் கழற்றி எறிகின்றனர். இசைக்கலைஞர்களுக்கென வடிகட்டி பொருத்திய இயர் பிளக்குகள் உள்ளன. அவை எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால், இசையின் தன்மை மாறாமல் சத்தம் மட்டும் தணிகிறது.

உறையில் 15 டெசிபல் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் 10 என்றே கணக்கிடுங்கள். சரியாகப் பொருந்தாத பிளக்கில் சிறு இடைவெளி இருந்தாலும் ஒலி புகுந்துவிடும். மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால் துளை நேராகி, பிளக் முழுவதும் உள்ளே அமரும். முதல் சில நாள்கள் தம் குரலே தலைக்குள் முழங்குவதுபோல் தோன்றும். அதனை வீட்டில் தனியே வாசிக்கும்போது பழகிக்கொள்வது எளிது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அறையில் 95, பிளக் குறைப்பது 10, காதுக்குள் செல்வது 85. அதற்கு வாரத்தில் 4 மணி நேரம் அனுமதி. பயிற்சியும் 4 மணி நேரமே. கணக்குச் சரியாக எல்லையில் நிற்கிறது. ஆகவே, அவ்வாரத்தின் பிற நாள்களில் இயர்போனில் உரக்கக் கேட்பதற்கு இடமில்லை என்பதையும் மகள் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: சொன்னால் கேட்பாளா? எங்கள் பேச்சு என்றாலே அறிவுரையாகத்தான் எடுத்துக்கொள்கிறாள்.

பதில்: அளவிடும் கைபேசியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பரிசோதனைக் கூடத்தில் இரு ஆடியோகிராம்களையும் அருகருகே வைத்தபோது, பள்ளத்தைச் சுட்டிக் காட்டியவர் உங்கள் மகளே. ‘தி ஹூ’ என்னும் புகழ்பெற்ற ராக் குழுவின் கிடார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், தமது கேட்புத்திறன் இழப்பையும் காதிரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசிவருபவர். இசையை விட்டுவிடுமாறு கூறுவோரின் சொல்லைவிட, இசையிலேயே வாழ்ந்தவரின் அனுபவம் அவ்வயதினரின் செவியில் ஏறும்.

கேள்வி: எப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?

பதில்: ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றே வாருங்கள். திடீர்க் கேட்பிழப்புக்குச் சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் மிகுதி. “சளியாக இருக்கும்” என்று காத்திருத்தல் கூடாது. இரைச்சல் இரண்டு நாள்களுக்குமேல் நீடித்தாலும், பாத்திரம் உரசும் ஓசை போன்ற சாதாரண ஒலிகள் காதில் வலியை உண்டாக்கினாலும், தலைச்சுற்றல் இருந்தாலும் தாமதிக்காமல் வர வேண்டும். காதில் சீழ் வடிந்தால், மருத்துவர் பார்க்கும்வரை இயர் பிளக் அணியக்கூடாது; அதுவரை பயிற்சியும் வேண்டாம்.

தொந்தரவு ஏதும் இல்லையெனினும், இசைக்குழுவில் வாசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. பரிசோதனைக்கு முந்தைய இரு நாள்கள் பயிற்சியையும் இயர்போனையும் தவிர்த்துவிட்டு, பழைய ஆடியோகிராம் தாளை மறவாமல் கொண்டு வாருங்கள். புதிய கோட்டைப் பழைய கோட்டுடன் ஒப்பிட்டால்தான் சிறு மாற்றமும் கண்ணில் படும்.