இயந்திரக் கைகள் – 9: இறுக்கமான துளையும் இளகிய மணிக்கட்டும்

ஒரு ரோபோ கை எத்தனை துல்லியமானதோ அத்தனை நேர்த்தியாக அது பாகங்களைப் பொருத்தும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். இறுக்கமான துளையில் தண்டைச் செருகும் வேலை இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு ஒன்று, அதைவிட 0.02 மில்லிமீட்டர் மட்டுமே பெரிய துளை ஒன்று. தண்டு சற்றே சாய்ந்து இறங்கினால் அதன் நுனி துளையின் ஒரு பக்கச் சுவரையும், தண்டின் எதிர்ப்பக்கம் துளையின் வாய் விளிம்பையும் தொடும். உராய்வுக் கெழு 0.2 என்றால், இந்த இரட்டைத் தொடுகை முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நேரும்போதுதான் ஆபத்து. அப்போது இரண்டு தொடுபுள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் அழுத்திக்கொண்டு நிற்க முடியும்; தண்டு ஆப்பாக இறுகிவிடும். ஒருபுறம் மட்டும் தள்ளிய மேசை இழுப்பறை சிக்கிக்கொள்வதும் இந்த வகைதான். பலமாகத் தள்ளினால் பிடி இன்னும் இறுகும். கணக்கிட்டால் எல்லை சுமார் 0.57 பாகைச் சாய்வில் விழுகிறது. அதைவிடச் சாய்ந்தால் சிக்கல். 0.2 பாகைதான் சாய்வு என்றால் இரட்டைத் தொடுகை நேர்வதற்குள் தண்டு 5 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருக்கும். அங்கே ஆப்பாக இறுக வழியில்லை.

ஆக, துளையின் சரிந்த வாயில் வழுக்கி நடுவுக்கு வரும் தண்டு அந்த முயற்சியில் சாய்ந்துவிடக் கூடாது. மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் உள்ள டிரேப்பர் ஆய்வகத்தில் டேனியல் விட்னி, ஜேம்ஸ் நெவின்ஸ், பால் வாட்சன், சாமுவேல் டிரேக் ஆகியோர் 1970களில் பிடித்துக்கொண்ட நுனி இதுதான். கையின் மணிக்கட்டில் வெறுமனே ஒரு ரப்பர்த் துண்டை வைத்தால் போதாதா? போதாது. துளையின் வாயைச் சரித்துச் செதுக்கியிருக்கும் சாம்ஃபர் தண்டின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளும்போது, நெகிழ்வின் மையம் மேலே மணிக்கட்டில் இருந்தால் தண்டு நகர்வதோடு சாயவும் செய்யும். பக்கப் பிழையைத் திருத்தப்போய்ச் சாய்வுப் பிழையை வாங்கிக்கொள்கிறோம். அவர்கள் செய்த கருவியில் இரண்டு அடுக்குகள். ஒன்றில் இணையான கம்பிகள். அவை பக்கவாட்டு நகர்வுக்கு இடம் கொடுக்கும். மற்றதில் கம்பிகள் சரிந்து நிற்கும். அவற்றைக் கீழ்நோக்கி நீட்டினால் தண்டின் நுனியில் சந்திக்கும். ஆகவே நுனியைப் பக்கவாட்டில் தள்ளினால் தண்டு சாயாமல் நகரும். நுனியில் திருப்பினால் நகராமல் திரும்பும். கருவி இருப்பது மேலே, அதன் நெகிழ்வு மையம் இருப்பது கீழே. பின்னாளில் கம்பிகளுக்குப் பதிலாக எஃகுத் தகடும் ரப்பரும் மாறிமாறி அடுக்கிய துண்டுகள் வந்தன. மோட்டார் இல்லை, உணரி இல்லை, கணினி இல்லை.

கணினி மலிந்த காலத்தில் இந்த ரப்பர் எதற்கு, மணிக்கட்டில் விசை உணரியைப் பொருத்தி மென்பொருளாலேயே கையை இளக வைக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1973 வாக்கிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடி என்ற ரோபோ, உணரியும் கணினியும் கொண்டு, மரப் பாகங்களை எடுத்து பொம்மைக் காரும் படகும் பூட்டியது. ஆனால் உணர்ந்து, கணக்கிட்டு, மோட்டாரைத் திருப்ப நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதம் 5 மில்லிவினாடி என்று கொள்வோம். வினாடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும் கை அதற்குள் 0.1 மில்லிமீட்டர் போய்விடும். தொடுகை மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் என்ற விறைப்புடையது என்றால் அதற்குள்ளேயே 100 நியூட்டன் ஏறியிருக்கும். ஏறத்தாழ 10 கிலோ எடையை அதன் மேல் வைத்தது போல. ஒன்று வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த முதல் அடியை உலோகமோ ரப்பரோ தாங்க வேண்டும். ரப்பருக்குத் தாமதம் கிடையாது. மென்பொருளை இன்னும் கூர்மையாக எதிர்வினையாற்ற வைத்தால் கை துளையின் வாயில் தட்தட்டென்று துள்ளத் தொடங்கும். விறைப்பான பரப்பைத் தொடும் விசைக் கட்டுப்பாட்டுக்கு இது பழைய வியாதி.

அதற்காக ரப்பரை எல்லாம் வல்லது என்று சொல்ல வரவில்லை. சாம்ஃபர் இல்லாத துளையில் அது திணறும். பக்கப் பிழை சாம்ஃபரின் அகலத்தைத் தாண்டினால் தண்டு துளையைச் சுற்றியுள்ள தட்டையான பரப்பில் உட்கார்ந்துவிடும். தேடிப்போகும் அறிவு ரப்பருக்கு இல்லை. தண்டின் நீளம் மாறினால் நெகிழ்வு மையம் நுனியை விட்டு விலகிவிடும். வேறு கருவியைத்தான் மாட்ட வேண்டும். படுக்கைவாட்டில் செருகினால் பாகத்தின் எடையே அதைத் தொங்க வைக்கும். இந்த இடங்களிலெல்லாம் உணரி தன் கூலிக்கு வேலை செய்கிறது: மெல்ல அழுத்தியபடி சுருள்போல நகர்ந்து துளையைத் தேடலாம். கீழ்நோக்கிய விசை ஏறிக்கொண்டே போக, ஆழம் மட்டும் நகராமல் நின்றால் இறுகிவிட்டது என்று கண்டுபிடித்து, மேலே இழுத்துச் சாய்வைத் திருத்தி மறுபடி இறக்கலாம். இறுகியதை மேலும் அழுத்தும் நிரல்தான் பாகத்தைக் கீறிவிடும். எனவே மில்லிவினாடிகளில் நடப்பதை மணிக்கட்டின் நெகிழ்வுக்கும், அதைவிட மெதுவாக நடக்கும் தேடலையும் திருத்தத்தையும் மென்பொருளுக்கும் பிரித்துக் கொடுப்பதே சரியான பங்கீடு என்பேன். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இளகிய மணிக்கட்டோடு கை வேகமாக விரைந்தால் பாகம் ஆடும். அதனால் இத்தகைய கருவிகளில் பலவற்றைப் பயணத்தின்போது பூட்டி, துளைக்கு மேலே வந்து நின்ற பிறகுதான் விடுவிக்கிறார்கள்.