மௌனத்துக்கு முன்னும் பின்னும்

ஒரு இரங்கல் கூட்டம். "ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி"ன்னார் அறிவிப்பாளர். பாதிப் பேர் எழுந்தாங்க, பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தாங்க. இருபது நொடி ஆகலை, "நன்றி! அடுத்ததாக..."ன்னு மைக் முழங்குது. இறந்தவருடைய மனைவி மட்டும் கண்ணை மூடி நின்னுக்கிட்டே இருந்தாங்க.

ஜனவரி 30, தியாகிகள் தினம். காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். சங்கு உள்ள ஊர்களில் தொடக்கத்தையும் முடிவையும் சங்கே சொல்லிவிடும். நம்ம மேடையில சங்கு ஏது? அறிவிப்பாளர் குரல்தான்.

ஆகவே நான் முதலில், "எழுந்து நிற்போம், இயலாதவர்கள் அமர்ந்தே இருக்கலாம்" என்பேன். நாற்காலிச் சத்தம் அடங்கட்டும். பிறகு, இறந்தவர் பெயரைச் சொல்லி, "அவர் நினைவாக ஒரு நிமிடம் மௌனம் காப்போம். முடிந்ததும் நானே சொல்கிறேன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டாங்க. நான் மட்டும் பார்ப்பேன். மனசுக்குள்ள எண்ணினா ஏமாந்துடுவோம். மேடையில 20 நொடியே ஒரு யுகம்!

60 நொடி ஆனதும், தாழ்ந்த குரலில், "நன்றி. மெல்ல அமரலாம்." எல்லாரும் உட்கார்ந்தபின் ஒரு மூச்சு விட்டு, அடுத்த பேச்சாளர் பெயரை மட்டும் சொல்வேன். பட்டத்தையெல்லாம் சேர்த்தா, பழக்கதோஷம், கைதட்டு விழுந்துடும்.