பழைய 3080-ஆ, புதிய 4060 டிஐ-யா?

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி, கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி ஈதர் நாணயம் சம்பாதிக்கும் வழி அடைபட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றில் அதிகம் தேடப்பட்டது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080. தன் தலைமுறையின் முதன்மைக் கார்டு என்று சொல்லி 2020-இல் 699 டாலருக்கு நிறுவனம் இறக்கியது அது. 2023 மே மாதம் அடுத்த தலைமுறையின் நடுத்தரக் கார்டான 4060 டிஐ 399 டாலருக்கு வந்தது. பழைய 3080-உம் ஏறக்குறைய அந்த விலைக்கே கிடைத்தால் எதை வாங்குவது?

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் பழையதுதான். காரணம் நினைவகம். கார்டில் உள்ள சிப், ஒவ்வொரு காட்சியை வரையும்போதும் நினைவகத்திலிருந்து தரவை ஓயாமல் எடுக்கிறது. 3080-இல் அந்தப் பாதையின் அகலம் 320 பிட். நொடிக்கு 760 ஜிபி கடக்கும். 4060 டிஐ-யில் பாதை 128 பிட்தான். நொடிக்கு 288 ஜிபி. இந்தக் குறையை ஈடுகட்ட, புதிய சிப்புக்குள்ளேயே 32 எம்பி கேஷ் வைத்திருக்கிறார்கள். சாதாரண 1080பி திரையில் அது நன்றாகவே கைகொடுக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 1440பி, 4கே என்று திரை பெரிதாகும்போது கேஷ் போதாமல் போய், 3080 முந்திவிடும்.

ஆக, வீட்டில் இருப்பது 1080பி மானிட்டர் என்றால் பழைய கார்டின் பின்னால் அலைய வேண்டியதில்லை. இன்னொன்று: 3080-இன் முதல் வடிவத்தில் 10 ஜிபி நினைவகம், 4060 டிஐ-யின் மலிவு வடிவத்தில் 8 ஜிபி. அண்மைக் கால விளையாட்டுகளுக்கு இரண்டுமே இறுக்கம்தான்.

புதியதன் பக்கம் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது பிரேம் ஜெனரேஷன். இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒன்றைத் தானே உருவாக்கிச் செருகும் வித்தை அது. என்விடியாவின் அந்த வசதி 3080-இல் கிடையாது. படம் வழுக்கிக்கொண்டு ஓடும், உண்மைதான். ஆனால் மவுஸை அசைத்ததும் திரை பதில் சொல்லும் வேகம் அதனால் கூடுவதில்லை. இதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

மின்சாரம் வேறு கதை. 3080-க்கு 320 வாட், 4060 டிஐ-க்கு 160. தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்குச் சுமார் 19 யூனிட் கூடும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,800 ரூபாய்க்குச் சற்று மேல். அதைவிடக் கையைக் கடிப்பது பவர் சப்ளை. 3080-க்கு என்விடியா பரிந்துரைப்பது 750 வாட். அந்தக் கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். அப்போது சிறிய பவர் சப்ளை தாங்காமல் கணினியையே அணைத்துவிடும். விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைகிறது என்றால் கார்டைத் திட்டும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள். அதையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் தொகையைக் கார்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

“மைனிங்கில் ஓடியதா?” என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. ஓடியிருந்தாலும் சிப் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். மின்சாரத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். தேய்வது விசிறியும் தெர்மல் பேடும். நினைவகச் சிப்புகளுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே உள்ள மெத்தென்ற பட்டைதான் தெர்மல் பேட். 3080-இன் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் இயல்பிலேயே சூடானது. பேட் காய்ந்துபோனால் சூடு வெளியேற வழியில்லை.

கார்டை அவர் கணினியிலேயே மாட்டி, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். HWiNFO-வில் `GPU Memory Junction Temperature` என்ற வரியைப் பாருங்கள். 100 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை. 110-ஐத் தொட்டால், நினைவகம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். பேடை மாற்றினால் சரியாகிவிடும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ தெறித்தால் மட்டும் பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடமும் அப்படியே.

விலையை முடிவுசெய்ய 4060 டிஐ-யை அளவுகோலாக வைக்காதீர்கள். 3080-இன் வேகத்துக்கு ஏறக்குறைய சமமாக ஓடுவது, 2023 ஏப்ரலில் 599 டாலருக்கு வந்த 4070. அதற்கு 200 வாட் போதும், நினைவகம் 12 ஜிபி, வாரண்டியும் உண்டு. புதிய 4070-இன் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழைய 3080-க்குக் கேட்டால் நான் தரமாட்டேன். பாதி விலைக்குக் கிடைத்து, அரை மணி நேரச் சோதனையிலும் தேறி, வீட்டில் 750 வாட் பவர் சப்ளையும் 1440பி மானிட்டரும் ஏற்கெனவே இருந்தால், 4060 டிஐ-யை விட்டுவிட்டு அதையே எடுப்பேன்.